சோலார் விளக்கைப் பிரித்தவளுக்கு எந்த எலக்ட்ரானிக்ஸ் புத்தகம்? ஒரே ஒரு டிரான்சிஸ்டர் பக்கத்தைக் கட்டிப் பார்த்த அனுபவம்

மண்ணில் குத்தி வைக்கும் சின்ன சோலார் விளக்கைப் பிரித்தால் உள்ளே பெரிதாக ஒன்றும் இருக்காது. மேலே ஒரு சோலார் பேனல், ரீசார்ஜ் செய்யக்கூடிய ஒரு செல், ஒரு சுவிட்ச், ஒரு வெள்ளை எல்இடி, விரல்நுனி அளவு போர்டு. அந்த போர்டில் நான்கு கால் கொண்ட கறுப்பு ஐசி ஒன்று. பக்கத்தில் கொஞ்சம் குண்டான ரெசிஸ்டர் மாதிரி, கலர் பட்டை போட்ட பச்சைப் பொருள் ஒன்று. அவ்வளவுதான்.

என் அண்ணன் மகளுக்குப் பதினான்கு வயது. கையில் கிடைத்ததையெல்லாம் பிரிப்பாள். இந்த விளக்கு எரியவில்லை என்று அதையும் பிரித்துவிட்டு இரண்டு கேள்விகளோடு வந்தாள். செல்லின் மேல் 1.2 வோல்ட் என்று போட்டிருக்கிறது, வெள்ளை எல்இடிக்கு 3 வோல்ட் கிட்ட வேண்டும் என்று எங்கேயோ படித்திருக்கிறாள், அப்புறம் அது எப்படி எரிகிறது? இரண்டாவது, வெளிச்சத்தை உணர்கிற பொருள் என்று தனியாக ஒன்றையும் காணோம், இருட்டாகிவிட்டது என்று விளக்குக்கு எப்படித் தெரிகிறது?

அவளுக்கு ஒரு எலக்ட்ரானிக்ஸ் புத்தகம் வாங்கித் தர வேண்டும் என்று வீட்டில் ஏற்கெனவே பேச்சு இருந்தது. எதை வாங்குவது என்று முடிவு செய்ய இந்த விளக்கையே அளவுகோலாக வைத்துக்கொண்டேன். இந்த இரண்டு கேள்விக்கும் அவளைக் கூட்டிக்கொண்டு போகிற புத்தகம் எதுவோ அதுதான் அவளுக்கான புத்தகம்.

ஆரம்பநிலைப் புத்தகங்களை எடைபோட நான் செய்வது ஒன்றே ஒன்றுதான். டிரான்சிஸ்டர், அதாவது ஒரு சின்ன மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் மூன்று கால் பொருள், முதன்முதலில் வரும் பக்கத்தைத் திறந்து படிப்பேன். அந்தப் பக்கம் மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கும்.

முதல் வகையில், சால்டர் இல்லாமல் வயர்களைக் குத்திக் கட்டும் ஓட்டைப் பலகையான பிரெட்போர்டின் படம் இருக்கும். இந்த ஓட்டையிலிருந்து அந்த ஓட்டைக்கு வயர் போடு, பேட்டரியை மாட்டு, எல்இடி எரியும். எரிந்தால் சந்தோஷம். எரியாவிட்டால் அந்தப் புத்தகத்தில் அதற்கு மேல் ஒரு வரி இருக்காது. "இணைப்புகளைச் சரிபார்க்கவும்" என்று ஒரு கட்டம் மட்டும் இருக்கும். பெட்டியோடு வரும் கிட்டுகளின் கையேடுகள் பெரும்பாலும் இந்த ரகம்தான்.

இரண்டாவது வகை, டிரான்சிஸ்டரைத் தொடுவதற்கு முன்னால் சிலிக்கான் அணுவிலிருந்து ஆரம்பிக்கும். பி வகை, என் வகை, சந்தி என்று ஆறு பக்கம் போன பிறகுதான் ஒரு சர்க்யூட் வரும். தப்பாக எழுதியிருக்கிறார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஸ்க்ரூடிரைவரோடு உட்கார்ந்திருக்கிற பிள்ளை அந்த ஆறு பக்கத்தைத் தாண்டாது.

மூன்றாவது வகையில் சர்க்யூட் சின்னதாக இருக்கும். கட்டு என்று சொல்லும், கட்டிய பிறகு மீட்டரின் முனையை இங்கே வை, இத்தனை வோல்ட் வரும் என்று சொல்லும். அப்புறம் இந்த ரெசிஸ்டரை மாற்றிப் பார், என்ன ஆகிறது என்று கேட்கும். பிரித்துப் பார்க்கிற குணம் உள்ளவர்களுக்கு இதுதான் வேலைக்கு ஆகும். ஏனென்றால் பிரிக்கும்போது அவர்கள் தேடுவதே இதைத்தான்: இங்கே என்ன நடக்கிறது?

சார்ல்ஸ் பிளாட் எழுதிய 'மேக்: எலக்ட்ரானிக்ஸ்' மூன்றாவது வகை. முதல் பதிப்பு 2009இல் வந்தது, இப்போது மூன்றாம் பதிப்பு வரை வந்திருக்கிறது. முதல் சோதனையே பேட்டரியை நாக்கில் வைத்துப் பார்ப்பதுதான். பொருட்களை வேண்டுமென்றே புகைத்துப் பார்க்கவும் சொல்வார், எதற்காகப் புகைந்தது என்று அதற்குப் பிறகு விளக்குவார். மல்டிமீட்டர் கிட்டத்தட்ட முதல் பக்கங்களிலேயே கைக்கு வந்துவிடும். அவளுக்கு இதைத்தான் எடுத்தேன்.

பக்கத்தில் வைத்துக்கொள்ள இன்னொன்று, ஃபாரஸ்ட் மிம்ஸின் 'கெட்டிங் ஸ்டார்ட்டட் இன் எலக்ட்ரானிக்ஸ்'. 1983இல் வந்தது. முழுவதும் அவர் கையாலேயே எழுதி வரைந்த நோட்டுப் புத்தகம் மாதிரி இருக்கும். பாடமாகப் படிப்பதற்கு அது கொஞ்சம் வேகம். ஆனால் ஒரு பொருளின் சின்னம் என்ன, கால்கள் எவை, எதற்குப் பயன் என்று ஒரு நிமிடத்தில் புரட்டிப் பார்க்க அதற்கு ஈடு கிடையாது. 'தி ஆர்ட் ஆஃப் எலக்ட்ரானிக்ஸ்' மாதிரி ஆயிரம் பக்கத்துக்கு மேல் போகும் தடிமன் புத்தகங்களை இந்த வயதில் பரிசாகக் கொடுப்பது அலமாரிக்குத்தான் நல்லது.

நிரல் எழுதி ஓட்டும் சின்ன போர்டான ஆர்டுயினோவுக்கான புத்தகமே வாங்கித் தரலாமே என்று அண்ணன் கேட்டான். வாங்கலாம், அடுத்த வருடம். அதில் விளக்கு எரியாவிட்டால் தப்பு நிரலிலா வயரிலா என்றே முதலில் தெரியாது. வெறும் டிரான்சிஸ்டரில் தப்பு ஒளிந்துகொள்ள இடம் குறைவு.

இனி கட்டிய கதை. அதற்கு முன்னால் ஒரு நிபந்தனை போட்டேன், அதையும் எழுதிவிடுகிறேன், பல புத்தகங்களில் இது ஒரு ஓரத்துக் கட்டத்தோடு முடிந்துவிடுகிறது. கையால் கழற்றி மாற்றக்கூடிய சின்ன செல்லில் ஓடும் பொருட்களை மட்டும்தான் அவள் தனியாகப் பிரிக்கலாம். சுவர் பிளக்கில் மாட்டுகிற எதையும், பிளக்கைப் பிடுங்கிவிட்டால்கூட, திறக்கக் கூடாது. சார்ஜர்களுக்கும் டிவிக்களுக்கும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் 300 வோல்ட்டுக்கு மேல் பிடித்து வைத்திருக்கும், பிளக்கை எடுத்த பிறகும் சில சமயம் அப்படியே இருக்கும். மைக்ரோவேவ் அதைவிடப் பல மடங்கு மோசம். பழைய ஃபிளாஷ் கேமரா சின்ன செல்லில் ஓடினாலும் விதிவிலக்கு, ஃபிளாஷுக்கான கெப்பாசிட்டர் அதிலும் 300 வோல்ட் கிட்ட ஏறும். உப்பிப்போன போன் பேட்டரியைத் தொடவே கூடாது. பட்டியல் நீளமாகத் தெரிந்தாலும் அவள் எதிர்த்து ஒன்றும் பேசவில்லை. ஃபிளாஷ் விஷயம் மட்டும் அவளுக்கு நம்பமுடியவில்லை. "செல்லு 1.5 வோல்ட்டுதானே அத்தை, 300 எங்கேருந்து வரும்?" என்றாள். சோலார் விளக்கைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வியும் இதுவும் ஒன்றுதான் என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

கட்டியது, இருட்டில் தானாக எரியும் விளக்கு. ஆரம்பநிலைப் புத்தகங்கள் பலவற்றில் ஏதோ ஒரு வடிவில் இருக்கும் சர்க்யூட் இது. தேவையானவை மூன்று செல் போட்ட 4.5 வோல்ட் ஹோல்டர், ஒரு என்பிஎன் டிரான்சிஸ்டர், ஒரு சிவப்பு எல்இடி, எல்இடிக்கு 220 ஓம் ரெசிஸ்டர், 10 ஆயிரம் ஓம் ரெசிஸ்டர் ஒன்று, ஒரு எல்டிஆர். எல்டிஆர் என்பது வெளிச்சம் பட்டால் தடை குறையும், இருட்டில் தடை கூடும் பொருள். வழக்கமான எல்டிஆரில் காட்மியம் இருப்பதால் ஐரோப்பிய விதிகள் அதைக் கட்டுப்படுத்துகின்றன. அதனால் புதிய புத்தகங்களில் அந்த இடத்தில் ஃபோட்டோ டிரான்சிஸ்டர் இருந்தால் குழம்ப வேண்டாம். பழைய போர்டு ஒன்றிலிருந்து அவள் ஏற்கெனவே பிடுங்கி வைத்திருந்த எல்டிஆர் ஒன்று டப்பாவில் கிடந்தது, அதையே எடுத்துக்கொண்டோம்.

டிரான்சிஸ்டரின் மூன்று கால்கள் பேஸ், எமிட்டர், கலெக்டர். பேஸுக்குள் போகும் சின்ன மின்னோட்டம், கலெக்டரிலிருந்து எமிட்டருக்குப் போகும் பெரிய மின்னோட்டத்தைத் திறக்கும். இணைப்பு இப்படி. பிளஸ்ஸிலிருந்து 10 ஆயிரம் ஓம் ரெசிஸ்டர் வழியாக டிரான்சிஸ்டரின் பேஸுக்கு. அதே பேஸிலிருந்து எல்டிஆர் வழியாக மைனஸுக்கு. எமிட்டர் நேராக மைனஸுக்கு. பிளஸ்ஸிலிருந்து 220 ஓம், பிறகு எல்இடி, பிறகு கலெக்டர். வெளிச்சத்தில் எல்டிஆரின் தடை குறைவு, பேஸுக்கு வரவேண்டிய மின்னோட்டத்தை அது மைனஸுக்கு இழுத்துவிடும், டிரான்சிஸ்டர் திறக்காது. இருட்டில் எல்டிஆர் கிட்டத்தட்ட மூடிக்கொள்ளும், மின்னோட்டம் பேஸுக்குப் போகும், எல்இடி எரியும்.

பேட்டரியை மாட்டுவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யச் சொன்னேன். புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால், ஒவ்வொரு முனையிலும் எத்தனை வோல்ட் வரவேண்டும் என்று எழுதுவது. எரியும்போது பேஸில் 0.7 வோல்ட் கிட்ட, கலெக்டரில் 0.1 கிட்ட. அணைந்திருக்கும்போது பேஸில் 0.5க்குக் கீழே. சிவப்பு எல்இடி 2 வோல்ட் எடுத்துக்கொள்ளும், மீதி 2.4 வோல்ட் 220 ஓமில் விழும், அப்படியானால் மின்னோட்டம் 11 மில்லிஆம்பியர் கிட்ட. ஐந்து நிமிட வேலை. இது இல்லாமல் மீட்டர் வைத்தால் வருவது வெறும் எண்தான், சரியா தப்பா என்று அந்த எண்ணிடம் கேட்க முடியாது.

மாட்டினாள். எல்இடி மங்கலாக எரிந்தது. கையால் எல்டிஆரை மூடினால் ஒரு சொட்டு கூடுதலாக எரிந்தது, கையை எடுத்தால் கொஞ்சம் குறைந்தது, ஆனால் அணையவே இல்லை. பேட்டரி தீர்ந்துவிட்டது என்றாள். ஹோல்டரில் அளந்தால் 4.5 வோல்ட் அப்படியே இருக்கிறது. பேஸில் 0.7 வோல்ட் கிட்ட, புத்தக ஓரத்தில் எழுதியபடியே. கலெக்டரில் 0.1 வரவேண்டிய இடத்தில் 2 வோல்ட்டுக்கு மேல் காட்டியது.

இந்த எண்களின் கூட்டணியைப் பார்த்தாலே எனக்குச் சந்தேகம் ஒரே இடத்தில்தான் விழும். டிரான்சிஸ்டர் திருப்பி மாட்டப்பட்டிருக்கிறது. ஒரு டிரான்சிஸ்டரில் எமிட்டரும் கலெக்டரும் இடம் மாறினால் அது சுத்தமாகச் செத்துப்போகாது, வேலை செய்யும், ஆனால் பெருக்கும் திறன் நூற்றுக்கணக்கிலிருந்து ஒற்றை இலக்கத்துக்கு வந்துவிடும். அதனால்தான் பேஸ் சரியாகத் தெரிகிறது, எல்இடி மட்டும் சோம்பலாக எரிகிறது.

காரணம் புத்தகத்துக்கும் டப்பாவுக்கும் நடுவில் இருந்தது. நாங்கள் பார்த்துக் கட்டிய பக்கம் 2என்3904 என்ற டிரான்சிஸ்டருக்காக வரையப்பட்டது. தட்டையான பக்கம் நம்மைப் பார்த்து, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால் அதில் இடமிருந்து வலமாக எமிட்டர், பேஸ், கலெக்டர். எங்கள் டப்பாவில் இருந்தது பிசி547. அதே உருவம், அதே அளவு, அதே வேலை. கால்கள் மட்டும் கலெக்டர், பேஸ், எமிட்டர் என்று தலைகீழ் வரிசை. பேஸ் இரண்டிலும் நடுவில் இருப்பதால் தப்பு கண்ணில் படாது. இன்னும் மோசமான ஜோடி ஒன்று உண்டு. 2222 என்ற எண்ணில் பிஎன்2222, பி2என்2222 என்று இரண்டு இருக்கின்றன, நடுவில் ஒரு 2 மட்டும்தான் கூடுதல், கால்களின் வரிசையோ நேர் எதிர்.

எண்ணை நம்பாமல் மீட்டரை வைத்தே கண்டுபிடிக்கவும் வழி உண்டு. மீட்டரை டயோடு சோதனையில் வைத்து, சிவப்பு முனையை நடுக்காலில் வைத்துக்கொண்டு, கறுப்பு முனையால் மற்ற இரண்டு கால்களையும் ஒவ்வொன்றாகத் தொட வேண்டும். இரண்டிலும் 0.6, 0.7 வோல்ட் மாதிரி ஒரு எண் வரும். இரண்டும் ஒன்று போலத் தெரியும், ஆனால் கடைசி இலக்கங்களில் ஒரு சின்ன வித்தியாசம் இருக்கும். எதில் எண் கூடுதலோ அது எமிட்டர். அவள் டப்பாவில் இருந்த டிரான்சிஸ்டர் எல்லாவற்றையும் எடுத்து இப்படியே அளந்து, எமிட்டர் காலில் மார்க்கரால் புள்ளி வைத்துக்கொண்டே போனாள். கட்டுகிற வேலை அரைமணி நேரம் நின்றது. நான் தடுக்கவில்லை.

டிரான்சிஸ்டரைத் திருப்பி மாட்டியதும் எல்இடி பளிச்சென்று எரிந்தது. கலெக்டரில் 0.1. எல்டிஆரை மூடினாலும் எரிகிறது, திறந்தாலும் எரிகிறது, மேசை விளக்குக்கு நேராகக் காட்டினாலும் எரிகிறது.

இங்கே பெரும்பாலான பிள்ளைகள் எல்லா வயரையும் பிடுங்கிவிட்டு முதலிலிருந்து கட்டுவார்கள். அது தேவையில்லை. இணைப்பு தப்பாக இருக்கிறதா, மதிப்பு தப்பாக இருக்கிறதா என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். எல்டிஆரை மட்டும் வெளியே எடுத்து மேசை விளக்குக்குக் கீழே தடையை அளந்தோம். 4 ஆயிரம் ஓம். கையால் மூடினால் 60 ஆயிரம். ஆக எல்டிஆர் உயிரோடு இருக்கிறது, வெளிச்சத்துக்கு நன்றாக அசைகிறது.

இனி கணக்கு. மேலே 10 ஆயிரம், கீழே 4 ஆயிரம். டிரான்சிஸ்டர் இல்லை என்று வைத்துக்கொண்டால் நடுமுனையில் வரக்கூடியது

```
4.5 × 4 ÷ (10 + 4) = 1.29
```

1.29 வோல்ட். டிரான்சிஸ்டர் திறக்க 0.6 போதும். அப்படியானால் மேசை விளக்கின் வெளிச்சம் இதற்குப் பற்றவே பற்றாது. எல்இடியை அணைக்க இந்த எல்டிஆரை வெயிலில் கொண்டுபோய் வைக்க வேண்டும். சொன்னதும் வெளியே ஓடிப்போய் வெயிலில் காட்டினாள், அணைந்தது. சர்க்யூட் தப்பில்லை, புத்தகம் சொல்லும் எல்டிஆரும் இவளிடம் இருக்கும் எல்டிஆரும் வேறு வேறு, அவ்வளவுதான். எல்டிஆர்கள் ஒரே பாக்கெட்டில் வந்தாலும் ஒன்று போல இருக்காது.

மேலே இருக்கும் ரெசிஸ்டரை 47 ஆயிரமாக மாற்றினால்

```
4.5 × 4 ÷ (47 + 4) = 0.35
```

0.35 வோல்ட், டிரான்சிஸ்டர் திறக்காது. மாற்றினோம், மேசை விளக்கில் அணைந்தது, மூடினால் எரிந்தது. பேஸில் அளந்த எண்ணும் 0.35க்குப் பக்கத்திலேயே நின்றது. அந்த எண்ணைப் பார்த்து அவள் முகம் மாறியதைச் சொல்லத்தான் வேண்டும். எல்இடி எரிந்ததற்குக்கூட அவ்வளவு சந்தோஷம் இல்லை.

அப்போ 470 ஆயிரம் போட்டால் இன்னும் நல்லதா என்று கேட்டாள். போடச் சொன்னேன். அறையின் நிழலான மூலையில்கூட அணைந்தே இருந்தது, நன்றாக மூடினால் மட்டும் மங்கலாக எரிந்தது. மேல் ரெசிஸ்டர் கூடக்கூட, இருட்டில் பேஸுக்குப் போகும் மின்னோட்டமும் குறைகிறது. 47 ஆயிரத்தில் அது 0.08 மில்லிஆம்பியர் கிட்ட. அதை இருநூறு மடங்கு பெருக்கினால் 16, எல்இடிக்கு வேண்டிய 11க்குத் தாராளம். 470 ஆயிரத்தில் அதில் பத்தில் ஒரு பங்குதான். பெருக்கினாலும் 1.6 மில்லிஆம்பியரைத் தாண்டாது, எல்டிஆர் வழியாகப் போவதையும் கழித்தால் இன்னும் குறைவு. ஆக இரண்டு பக்கமும் இழுக்கிற ஒரு எண் இது. எந்த வெளிச்சத்தில் அணைய வேண்டும் என்பதும் எவ்வளவு பிரகாசமாக எரிய வேண்டும் என்பதும் ஒரே ரெசிஸ்டரில் சிக்கிக்கொண்டிருக்கின்றன. இதைப் பிரிப்பதற்குத்தான் அடுத்த அத்தியாயங்களில் இரண்டாவது டிரான்சிஸ்டர், இரண்டு வோல்ட்டேஜை ஒப்பிட்டுச் சொல்லும் கம்பேரேட்டர் என்றெல்லாம் வருகின்றன. அந்தப் பக்கங்கள் இனிமேல் அவளுக்கு வெறும் பாடமாகத் தெரியாது.

சரி, விளக்குக்கு வருவோம்.

போர்டில் இருந்த பச்சைப் பொருளின் பட்டைகள் சிவப்பு, சிவப்பு, பழுப்பு. எல்இடிக்காக நாங்கள் போட்ட 220 ஓம் ரெசிஸ்டரின் பட்டைகளும் அதேதான். அதனால் அதையும் 220 ஓம் என்றே எழுதி வைத்திருந்தாள். மீட்டரை வைத்தால் 2 ஓம். பட்டை ஒன்று சொல்கிறது, மீட்டர் வேறு சொல்கிறது என்றால் அது ரெசிஸ்டரே இல்லை. அது ஒரு காயில், 220 மைக்ரோஹென்றி. உள்ளே நீளமான மெல்லிய செம்புக் கம்பிதான் சுற்றியிருக்கிறது, அதன் தடை 2 ஓம். உருவத்தில் ரெசிஸ்டரை விடக் கொஞ்சம் குண்டு, நிறம் பெரும்பாலும் பச்சை. பழைய போர்டுகளைப் பிரிக்கிறவர்கள் இதில் ஏமாறாமல் இருப்பது அபூர்வம்.

காயிலை போர்டிலிருந்து எடுத்து ஒரு சோதனை செய்தோம். காயிலின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே ஒரு வெள்ளை எல்இடி, அதன் நீளமான கால் செல்லின் மைனஸ் வரப்போகும் பக்கம். அதாவது வேண்டுமென்றே திருப்பி. அறையை இருட்டாக்கிவிட்டு, ஒரு 1.5 வோல்ட் செல்லின் முனைகளைக் காயிலில் தொட்டோம். ஒன்றும் இல்லை. எடுத்தோம். எடுத்த நொடியில் எல்இடி சின்னதாக மின்னியது. தொட்டபடியே வைத்திருக்கக் கூடாது, காயிலும் செல்லும் சூடாகும். தொட்டு எடுத்துவிட வேண்டும்.

காயிலில் ஓடிக்கொண்டிருக்கும் மின்னோட்டத்தைச் சட்டென்று வெட்டினால் அது நின்றுபோகச் சம்மதிக்காது. ஓடிய திசையிலேயே தொடர்ந்து ஓட, தேவையான வோல்ட்டேஜை அதுவே உண்டாக்கிக்கொள்ளும். எதிரே எல்இடி இருந்தால் அதன் 3 வோல்ட்டோடு வேலை முடிந்துவிடும். விளக்கின் நான்கு கால் ஐசி செய்வது இந்தத் தொட்டு எடுக்கும் வேலையைத்தான், நொடிக்குப் பல ஆயிரம் முறை. கண்ணுக்கு அது தொடர்ந்து எரிவதாகத் தெரிகிறது. ஃபிளாஷ் கேமராவில் 1.5 வோல்ட் 300 ஆவதும் காயில், வெட்டுதல் என்ற இதே அடிப்படையில்தான், அங்கே டிரான்ஸ்ஃபார்மர் சேர்ந்திருக்கும். இதை விளக்கிய பிறகு கேமரா நிபந்தனையை மறுபடி சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இருட்டை உணரும் பொருள் எங்கே என்ற இரண்டாவது கேள்விக்கு அவளே பதில் கண்டுபிடித்தாள். எல்டிஆரைக் கட்டிய பழக்கத்தில் வயர்களைப் பின்தொடர்ந்து போனால், பேனலின் பிளஸ் வயர் நேராக ஐசியின் ஒரு காலுக்குப் போகிறது. பேனலையே தனியாக அளந்தால் வெயிலில் 2 வோல்ட்டுக்கு மேல், கையால் மூடினால் கிட்டத்தட்ட பூஜ்யம். வேறு சென்சார் எதற்கு? பேனலில் வோல்ட்டேஜ் விழுந்தால் இருட்டு என்று ஐசி எடுத்துக்கொள்கிறது. பழைய மாதிரி விளக்குகளில் தனியாக எல்டிஆர் இருக்கும், இதில் அந்த ஒரு பொருளையும் மிச்சப்படுத்திவிட்டார்கள்.

இந்த ஐசியைப் பற்றி எந்த ஆரம்பநிலைப் புத்தகத்திலும் இருக்காது. அதை எதிர்பார்க்கவும் கூடாது. முதுகில் எண் அச்சடித்திருக்கும், இந்த விளக்குகளில் அடிக்கடி காண்பது ஒய்எக்ஸ்8018 அல்லது கியூஎக்ஸ்5252. அந்த எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் விவரத்தாளான டேட்டா ஷீட்டை எடுத்தால், அதில் பார்க்க வேண்டியது ஒரே ஒரு படம், மாதிரி சர்க்யூட். பேனல், செல், காயில், எல்இடி நான்கும் எந்தக் காலில் வருகின்றன என்பது அதில் இருக்கும். காயிலின் மதிப்பை மாற்றினால் எல்இடிக்குப் போகும் மின்னோட்டம் மாறும் என்று ஒரு பட்டியலும் இருக்கும். மற்ற பக்கங்களை விட்டுவிடலாம். புத்தகத்தின் டிரான்சிஸ்டர் பக்கத்தைத் தாண்டியவருக்கு இந்தப் படம் படிக்கக்கூடியதாக இருக்கிறது. அதற்கு முன்னால் காட்டியிருந்தால் வெறும் கோடுகள்தான்.

கடைசியாகப் பழுது. காயிலை மறுபடி போர்டில் சால்டர் செய்தோம். செல்லின் மைனஸ் பக்கத்துத் தகட்டில் பச்சை பூத்திருந்தது, தேய்த்து எடுத்தோம். ஒரு பகல் முழுக்க வெயிலில் வைத்த பிறகும் செல் 0.2 வோல்ட்தான். பேனலைச் செல்லிலிருந்து கழற்றி வெயிலில் அளந்தபோது 2 வோல்ட் வந்ததால் பேனல் மேல் தப்பில்லை. உறுதி செய்துகொள்ள, பேனலை மூடியபடி, சாதாரண 1.5 வோல்ட் செல் ஒன்றை அந்த இடத்தில் போட்டுப் பார்த்தோம், விளக்கு எரிந்தது. உடனே எடுத்துவிட்டோம். சாதாரண செல்லை அதிலேயே விட்டால் பேனல் அதைச் சார்ஜ் செய்யப் பார்க்கும், செல் கசிந்து போர்டையும் கெடுக்கும். ஆக, போனது ரீசார்ஜ் செல் மட்டும். அதே அளவில் 1.2 வோல்ட் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் ஒன்று மாற்றினோம், விளக்கு பழையபடி எரிகிறது.

'மேக்: எலக்ட்ரானிக்ஸ்' இப்போது அவள் அறையில் இருக்கிறது. வரிசையாகப் படிக்கவில்லை. ரிலே அத்தியாயத்தைத் தாண்டி 555 டைமருக்குப் போய்விட்டாள், டப்பாவில் எட்டுக்கால் ஐசி ஒன்று கிடந்தது, அதுதான் காரணம். ஓரத்தில் பென்சிலால் வோல்ட்டேஜ் எழுதுகிற வழக்கம் மட்டும் அந்தப் பக்கத்திலும் தொடர்கிறது. வெளியீடு வரும் மூன்றாம் காலில் 0, 4.5 என்று எழுதியிருந்தாள். சாதாரண வகை 555இல் அந்தக் கால் மேலே போகும்போது சப்ளையை முழுதாக எட்டாது, ஒரு வோல்ட்டுக்கு மேல் குறைவாகவே நிற்கும். இன்னும் அளக்கவில்லை, அதனால் நான் ஒன்றும் சொல்லவில்லை.